இரு பக்கமும் சேர்ந்தால்தான் வியாபாரம்

(புதுவைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

நேரு வீதி ஓட்டல்காரர் ஸ்விக்கியிலும் சொமேட்டோவிலும் ஏன் சேருகிறார்? அங்கே வாடிக்கையாளர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஏன் போகிறார்? அங்கே ஓட்டல்கள் இருக்கின்றன. ஒருவரில்லாமல் மற்றவர் வரமாட்டார். சென்னையில் ஆயிரம் ஓட்டல் சேர்ந்தாலும் முத்தியால்பேட்டையில் பசித்திருப்பவனுக்குப் பயனில்லை. ஊருக்கு ஊர் இரு பக்கத்தையும் புதிதாகத் திரட்டியாக வேண்டும்.

ஆகவே கம்பெனி முதலில் மூலதனக்காரர்களின் பணத்தைக் கொட்டுகிறது. 100 ரூபாய் பிரியாணி 60 ரூபாய்க்கு வீடு தேடி வருகிறது! கூட்டம் சேருகிறது, கூட்டத்தைக் கண்டு ஓட்டல்களும் வருகின்றன. பிறகுதான் கணக்குத் திரும்புகிறது. நூற்றுக்கு 25 கமிஷன் என்று வையுங்கள். அரிசி, கறி, கேஸ், கூலி எல்லாம் 80 ரூபாய் ஆனால், ஓட்டல்காரருக்கு 5 ரூபாய் நஷ்டம். விலையை ஏற்றினால் அது உண்பவர் தலையில் விடியும். தனியாக விலகினாலோ, ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு, கமிஷனை எதிர்த்து, இந்த இரு கம்பெனிகளின் ஆர்டரையும் கூட்டாக நிறுத்தினார்கள். கடைகள் ஒன்றாக விலகினால் ஆப்பைத் திறப்பவருக்கு அங்கே வாங்க ஒன்றுமிராது; ஒரு பக்கம் காலியானால் மறுபக்கமும் கலையும். ஆனால் வாடிக்கையாளர் உணவு பெற வேறு வழியும், கொண்டு சேர்க்கும் தொழிலாளிக்கு நியாயக் கூலியும் அன்றே தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் பத்தே நாளில் முதல் கடை திரும்பிவிடும். அதன் பின்னே மற்றவையும்.