அமர்வுக் குறிப்பில் எழுத வேண்டியதும் விட வேண்டியதும்

உளசிகிச்சை அமர்வு முடிந்ததும் சிகிச்சையாளர் எழுதி வைக்கும் குறிப்பு, நோயாளி சொன்ன கதையின் பதிவு அல்ல. கேட்டதை வைத்துச் சிகிச்சையாளர் என்ன கணித்தார், அதனால் என்ன முடிவெடுத்தார், ஏன் வேறு முடிவு எடுக்கவில்லை என்பதன் பதிவு அது. நாளை வேறொரு சிகிச்சையாளர் அந்த நோயாளியைப் பார்க்க நேர்ந்தால், சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து அவர் தொடர வேண்டும். அதே தாள் தவறான கையில் சிக்கினால், நோயாளியின் அந்தரங்கம் அதில் கூடியவரை குறைவாகவே இருக்க வேண்டும்.

தவறான கையில் சிக்குவது வெறும் கற்பனை அல்ல. பின்லாந்தில் பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த வஸ்தாமோ என்ற தனியார் உளசிகிச்சை நிறுவனத்தின் தரவுத்தளத்தை ஒருவர் ஊடுருவித் திருடியது 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 33,000 பேரின் பதிவுகள் அவரிடம் போயின. நிறுவனம் பணம் தராததால் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி, ஆளுக்கு 200 யூரோ கேட்டு மிரட்டினார். குற்றவாளிக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் இணையத்தில் பரவிய பக்கங்களைத் திரும்பப் பெற முடியவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு ஓட்டையாக இருந்தது ஒரு குற்றம் என்றால், அமர்வில் பேசியதெல்லாம் பெயரோடும் அடையாள எண்ணோடும் ஒரே இடத்தில் விரிவாக இருந்தது சேதத்தைப் பல மடங்காக்கியது.

எதை எழுதுவது, எதை விடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். முப்பத்து நான்கு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்று சிகிச்சைக்கு வந்தவர். பயப்படும் சூழலுக்குள் சிறிது சிறிதாக நுழைந்து பழகும் பயிற்சி நடந்துவருகிறது. எட்டாவது அமர்வில், கடந்த இரண்டு வாரமும் பயிற்சி செய்யவில்லை என்கிறார். பிறகு பேச்சு வீட்டுப் பக்கம் திரும்புகிறது. கொழுந்தன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பது, கணவர் யாருக்கும் தெரியாமல் வாங்கிய கடன், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசிய பேச்சு என்று அரை மணி நேரம் போகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதாகவும், எதிலும் பிடிப்பில்லை என்றும் சொல்கிறார். எழுந்து போகும்போது, “ஒரு நாள் விடியாமலே போயிட்டா நல்லா இருக்கும்” என்கிறார்.

அனுபவம் குறைந்தவர் இதை இரண்டு விதமாக எழுதுவார். ஒன்று, கொழுந்தனின் பெயர், கடன் தொகை, வாசலில் நடந்த சண்டை என எல்லாவற்றையும் மூன்று பக்கத்துக்கு எழுதுவது. மற்றொன்று, “பேசப்பட்டது, ஆறுதல் அளிக்கப்பட்டது, அடுத்த வாரம் வரவும்” என்று ஒரே வரியில் முடிப்பது. முதலாவதில் அந்தரங்கம் மொத்தமும் இருக்கிறது, கணிப்பு இல்லை. இரண்டாவதில் இரண்டுமே இல்லை. அடக்கமாக எழுதியதாகத் தோன்றும் அந்த இரண்டாவது குறிப்பே பல இடங்களில் அதிக ஆபத்தானது, ஏனென்றால் “விடியாமலே போயிட்டா” என்ற சொல் அதில் காணாமல் போய்விட்டது.

தேர்ந்தவரின் குறிப்பு வேறு விதமாக அமையும். பயிற்சி நடக்காததைப் பயத்தால் தட்டிக்கழிப்பதாக முதலில் எண்ணியதாகவும், அதிகாலை விழிப்பு, பிடிப்பின்மை, சோர்வு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வு நோய் என்பதே இப்போது பொருத்தமாகப் படுவதாகவும் அது சொல்லும். ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 வினாத்தாளில் 27-க்கு 16 வந்தது, அதாவது மிதமான நிலையைத் தாண்டிய அளவு, என்று பதியும். அதனால் பேருந்துப் பயிற்சியைத் தற்காலிகமாக நிறுத்தி, மனநல மருத்துவரிடம் அனுப்புவதாகவும், தூக்கமும் ஊக்கமும் தேறிய பிறகும் பயிற்சி நின்றே போனால் முதல் கணிப்புக்குத் திரும்பப் போவதாகவும் முடியும். எந்த விவரம் வந்தால் தன் கணிப்பு மாறும் என்று எழுதி வைப்பது ஓரிரு வரிதான், ஆனால் அடுத்து வருபவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை.

வீட்டு விவகாரத்துக்கு இதில் ஒரே வாக்கியம் போதும்: குடும்பத்தில் பணம் சார்ந்த கடும் மோதல், நோயாளிமீது நேரடி வன்முறை இல்லை என்று கேட்டு உறுதி செய்யப்பட்டது. கொழுந்தனும் அவர் மனைவியும் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்ல. தங்களைப் பற்றி ஒரு கோப்பில் எழுத அவர்கள் சம்மதம் தரவில்லை. இந்த விவரம் இல்லாவிட்டால் சிகிச்சை முடிவு மாறுமா என்று கேட்டுப் பார்த்து, மாறாது என்றால் விட்டுவிடலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரியவந்தால் கணக்கே வேறு; அதை எழுதவும் வேண்டும், மேற்கொண்டு செயல்படவும் வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. சிற்றூரில் “இயற்பியல் ஆசிரியை” என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். “ஆசிரியை” என்றாலே இங்கே போதுமானது.

உயிராபத்து பற்றிய பகுதியில் மட்டும் சுருக்கம் கூடாது. நோயாளியின் சொற்களை அவர் சொன்னபடியே எழுத வேண்டிய இடமும் அதுதான். சிகிச்சையாளர் தன் சொல்லில் மாற்றினால் அதன் எடை கூடவோ குறையவோ செய்யும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டது, திட்டமோ முந்தைய முயற்சியோ இல்லை என்று அவர் சொன்னது, பிள்ளைகளை நினைத்து விலகி நிற்பதாகச் சொன்னது, அக்காவிடம் சொல்ல ஒத்துக்கொண்டது எல்லாம் பதிவாக வேண்டும். மருத்துவமனையில் சேர்ப்பது ஏன் தேவைப்படவில்லை என்ற காரணமும், இரண்டு நாளில் தொலைபேசியில் கேட்பதாக ஏற்பாடு செய்ததும் கூடவே வர வேண்டும். பின்னால் ஏதேனும் நடந்தால் விசாரிப்பவர்கள் முதலில் தேடுவது, கேட்டார்களா, யோசித்தார்களா என்பதைத்தான்.

சிகிச்சையாளரின் சொந்த ஊகங்களுக்கும், அமர்வில் தனக்கு எழுந்த எரிச்சல், இரக்கம் போன்றவற்றுக்கும் அமெரிக்கச் சட்டம் தனி இடம் வைத்திருக்கிறது. உரையாடலை அலசும் குறிப்புகளை மருத்துவக் கோப்பிலிருந்து பிரித்து வைத்தால் அவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆனால் நோய் நிர்ணயம், அறிகுறிகள், சிகிச்சைத் திட்டம், முன்னேற்றம் ஆகியவற்றின் சுருக்கத்தை அந்தத் தனி ஏட்டில் ஒளித்து வைக்க முடியாது. அவை பொதுக் கோப்பைச் சேர்ந்தவை. பிரித்து வைத்த ஏட்டையும் நீதிமன்றம் கேட்கும் சூழல் வரலாம் என்பதால், அதிலும் வெளிவந்தால் வெட்கப்படும்படி எழுதாமல் இருப்பதே நல்லது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பிறருக்கு ஏற்படக்கூடிய தீங்கைத் தடுக்கத் தகவல் வெளியிட வேண்டி வந்தால், அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவே வெளியிடலாம் என்று அதற்கு எல்லையும் வைக்கிறது. 25-ஆம் பிரிவு, நோயாளி தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அவருக்குக் கடுமையான மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரும் என்றால், குறிப்பிட்ட தகவலை மட்டும் தராமல் இருக்கலாம். அப்படி மறுக்கும்போது, மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை உண்டு என்பதையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.