வைக்கோல் பொம்மைக்கு விழுந்த அடி



போன சீசனில் ஒரு பட்டிமன்றத்தில் நான் சொன்னது ஒரே வாக்கியம். 'மெயின் அருவியில் சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிக்காதீர்கள்.' அடுத்து எழுந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஐயா அருவியில் குளிக்கவே கூடாதாம்! குற்றாலத்துக் கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறார்!' கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. நேரே நிற்கிற ஆளோடு மல்லுக்கட்ட முடியாதவர், அவன் சட்டையை வைக்கோல் பொம்மைக்கு மாட்டி, பொம்மையை உதைத்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போகிறார்!

என் கதை சின்னது. நம் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நின்ற அணிக்கு நடந்ததைக் கேளுங்கள். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சென்னை மியூசிக் அகாடமி ஒரு தீர்மானம் போட்டது. மொழியை உள்ளே கொண்டுவந்து சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். தரத்தைக் குறையுங்கள் என்று கேட்டவர் யார்? தமிழில் பாடுங்கள் என்றுதானே கேட்டார்கள்! தியாகராஜரை விரட்டப் பார்க்கிறார்கள் என்றும் பேச்சு கிளம்பியது. 'முதலிடம்' என்று சொன்னது 'மட்டும்' என்று மாறிவிட்டது. பொம்மையைக் கண்டுபிடிக்க அந்த ஒரு சொல் போதும். 'மட்டும்', 'எல்லாம்', 'கூடவே கூடாது' என்று யாராவது உங்கள் பேச்சில் ஒட்டவைத்தால், அது எந்த வாக்கியத்தில் வந்தது என்று கேளுங்கள்.

ஆனால் நம் பக்கத்துப் பிழையையும் பேசுவேன். ஆத்திரக்காரர் ஒருவர் தெலுங்குப் பாட்டே வேண்டாம் என்று சொன்னால், அவருக்குப் பதில் சொல்வது பொம்மை வாதம் ஆகாது. அவர் ஒருவர் சொன்னதை இயக்கத்தின் தலையில் கட்டினால்தான் பொம்மை. அதேபோல, எதிர்த்தவர் எல்லாம் தமிழின் பகைவர் என்று முழங்கியவர்களும் பொம்மைதான் கட்டினார்கள். பல ஆண்டு பாடிப் பாடிப் பக்குவப்பட்ட உருப்படிகள் கைநழுவுமோ என்று கவலைப்பட்டவரும் அங்கே இருந்திருப்பார்.

பொம்மை கட்டாமல் வாதாடும் வழியை எனக்குக் காட்டியவர், தமிழ் சொல்லித்தந்த வாத்தியார் ஒருவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கட்டுரையைக் கையில் வாங்கியதும், 'எதிராளி சொன்னது எங்கே? இதைப் படித்தால் அவன் ஆமாம் என்று தலையாட்டுவானா?' என்பார். இல்லையென்றால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். 'சிவஞான சித்தியாரைப் பார், பரபக்கத்தில் பிறர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தானே மறுக்கிறார் அருணந்தி சிவாச்சாரியார்' என்பார்.

அந்தப் பட்டிமன்றத்துக்காரரை வாத்தியார் முன் நிறுத்தியிருந்தால் என்ன எழுதச் சொல்லியிருப்பார்? 'சோப்பு, ஷாம்பு வேண்டாம் என்கிறார். அருவிக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பாக்கெட்டை விற்றுப் பிழைக்கிற சின்னக் கடைக்காரருக்கு என்ன வழி?' இப்படிக் கேட்டிருந்தால், நான் அந்த மேடையிலேயே பதில் சொல்லியாக வேண்டும்!