எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்க குழு சாயங்கால டியூஷன் நடத்துறது உங்களுக்குத் தெரியும். அதுல எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தனியா ஒரு வகுப்பு வைக்கிறோம். அதை எப்படி நடத்துறதுன்னு சொல்லச் சொன்னாங்க. மத்த குழுக்களும் ஆரம்பிக்கலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

இது மத்திய அரசின் படிப்புதவித் தொகைக்கான தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேணும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000 ரூபாய். பத்தாவதோட படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமான்னு யோசிக்கிற வீட்டில், இந்தப் பணம் பிள்ளையைப் பிளஸ் டூ வரை பள்ளிக்கூடத்தில் வைக்கும்.

தேர்வில் இரண்டு தாள். ஒன்று படிப்பறிவுத் தேர்வு: கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். இன்னொன்று மனத்திறன் தேர்வு. ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். முதல் தாளுக்குப் பள்ளிக்கூடத்துப் புத்தகமே போதும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தையும் சேர்த்துப் படிக்கணும், அதனால பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுடாதீங்கன்னு தாய்மார்களிடம் மே மாசமே சொல்லிவிடுங்கள்.

நம்ம வகுப்பு உதவ வேண்டியது இரண்டாவது தாளுக்குத்தான். எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடிப் பிம்பம், பொருந்தாததைக் கண்டுபிடி என்று கேள்வி வரும். இதுக்குப் பாடப் புத்தகம் மட்டும் போதாது. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையும் முதல் தடவை பார்க்கும்போது முழிக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன், நீங்களும் மனசுக்குள்ளே போட்டுப் பாருங்க. 4, 9, 19, 39, அடுத்தது என்ன? பிள்ளைகள் உடனே பெருக்கிப் பார்க்கும், குழம்பும். நாங்க சொல்லித் தர்ற முதல் வேலை, பக்கத்துப் பக்கத்து எண்ணுக்கு நடுவிலே வித்தியாசத்தை எழுதுறது. 5, 10, 20 என்று வரும். வித்தியாசம் இரண்டு மடங்காகுது. அப்போ அடுத்த வித்தியாசம் 40, விடை 79. இதையே இன்னொரு வழியிலும் பார்க்கலாம்: ஒவ்வொரு எண்ணையும் இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டினால் அடுத்தது வரும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தா பிள்ளைக்குத் தைரியம் வரும். வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியலைன்னா, ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துப் பார்க்கணும். இரண்டு தொடரைக் கலந்து வைத்திருப்பார்கள். இந்த வரிசையை மாற்றாமல் தினமும் ஐந்து கணக்கு செய்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

எழுத்துக் குறியீட்டுக்கு ஆங்கில எழுத்து 26-க்கும் எண் தெரியணும். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. இந்த ஐந்தும் தெரிந்தால் மற்றதை முன்னே பின்னே எண்ணிக்கொள்ளலாம். கண்ணாடிப் பிம்பத்துக்கு வீட்டில் இருக்கிற சின்னக் கண்ணாடியே போதும். கண்ணாடியில் கடிகாரம் 4 மணி 20 நிமிஷம் காட்டினால் உண்மையான நேரம் என்ன? 11 மணி 60 நிமிஷத்தில் இருந்து கழித்தால் 7.40. முதலில் உண்மையான கடிகாரத்தைக் கண்ணாடி முன்னே பிடித்துக் காட்டிவிட்டு, அப்புறம் இந்தக் கழித்தலைச் சொல்லுங்கள். முதலிலேயே சூத்திரத்தைச் சொன்னால் கேள்வி கொஞ்சம் மாறினாலும் பிள்ளை தடுமாறும்.

வாராவாரம் சனிக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வைக்கிறோம். மார்க்கை மட்டும் பார்த்தால் பயன் இல்லை. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பிள்ளையே ஒரு குறி போடணும்: "தெரியலை", "அவசரம்", "வட்டம் மாறிடுச்சு". தெரியலைன்னா மறுபடி சொல்லித் தரணும். அவசரம்னா நேரம் பிரிக்கச் சொல்லணும். ஒரு நிமிஷத்தில் வராத கேள்வியை விட்டுவிட்டுப் போகணும், கடைசியில் திரும்பி வரணும். வட்டம் மாறுறதுதான் மோசம். ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அதன் வட்டத்தில் அடுத்த விடையை நிரப்பினால், அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். அதனால் மாதிரித் தேர்வையும் வட்டத் தாளில்தான் வைக்கணும். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை எண் சரியான்னு பார்க்கப் பழக்கணும். தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் எந்த வட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

இப்போ வரவு செலவு. எங்களிடம் 16 பிள்ளைகள். மாசம் 150 ரூபாய். இரண்டு பேருக்குக் கட்டணம் இல்லை என்று குழுவில் தீர்மானம் போட்டோம். 14 பேரிடம் 2,100 வரும். சொல்லித் தர்ற பட்டதாரிப் பெண்ணுக்கு 1,500, ஜெராக்ஸுக்கு 350, கரண்டுக்கு 100. மிச்சம் 150. இதில் லாபம் எதிர்பார்க்காதீர்கள். மற்ற வகுப்பு டியூஷன்தான் எங்களுக்கு வருமானம். ஜெராக்ஸ் செலவு தேர்வு நெருங்கும்போது இரண்டு மடங்காகும், அதற்கு ஜூன் மாசத்தில் இருந்தே மிச்சத்தை எடுத்து வைக்கணும்.

தாய்மார்களிடம் முதல் நாளே ஒன்று சொல்லணும். தமிழ்நாடு முழுக்க வருஷத்துக்கு 6,695 பேருக்குத்தான் இந்தத் தொகை. போன தடவை எங்க 16 பேரில் 3 பேர் தேர்வானார்கள். "கண்டிப்பா பாஸ் பண்ண வைப்போம்" என்று சொல்லி யாரும் காசு வாங்காதீங்க.

தேர்வானதோட வேலை முடியலை. பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு வேணும், அதில் ஆதார் இணைந்திருக்கணும். பள்ளி மூலமா தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதியணும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். புதுப்பிக்க மறந்தா அந்த வருஷப் பணம் வராது. பத்தாவதில் 60 சதவீதம் வேணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55. எங்க ஊர்ல ஒரு பொண்ணு தேர்வான சந்தோஷத்தில், "நல்லா படிக்கிற பிள்ளைதானே" என்று ஒன்பதாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். தனியார் பள்ளிக்குப் போனால் இந்தத் தொகை கிடையாது. 48,000-மும் போச்சு, மேலே ஃபீஸும் கட்டுறாங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லலை.

அதனால் ஒரு கோரிக்கை. வகுப்பு நடத்த முடியாத குழுக்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். உங்க தெருவில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் பெயர், வருமானச் சான்று இருக்கா, வங்கிக் கணக்கு இருக்கா. ஏற்கெனவே தேர்வான பிள்ளைகள் இந்த வருஷம் புதுப்பித்தாச்சா. மாதக் கூட்டத்தில் சந்தா வரவு எழுதி முடித்ததும் அந்த நோட்டை ஒரு தடவை வாசியுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.