நாமினி என்று யார் பெயர் இருக்கிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களுக்கு இன்சூரன்ஸ் படிவம் எழுதிக் கொடுக்கிற வேலையை நான் சில வருஷமாகப் பார்க்கிறேன். படிவத்தில் நாமினி என்ற இடம் வந்ததும் எல்லாரும் சட்டுனு ஒரு பெயரைச் சொல்லிடுவோம். கல்யாணம் ஆகாத பொண்ணு அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சொல்லும். ஆனவங்க வீட்டுக்காரர் பெயரைச் சொல்வாங்க. அதோடு அந்தக் காகிதம் பீரோவுக்குள்ளே போயிடும். அப்புறம் கல்யாணம் நடக்கும், குழந்தை பிறக்கும், சில வீட்டில் பிரிவும் வரும். காகிதத்தில் உள்ள பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

என் வீட்டுக் கதையையே சொல்றேன். என் தங்கச்சி 21 வயசில் ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தா. 2 லட்ச ரூபாய்க்கு. நாமினி எங்க அம்மா. அடுத்த வருஷம் கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா. ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூணு வயசு இருக்கும்போது மஞ்சள் காமாலை முத்தி தங்கச்சி போயிட்டா. அப்போ பாலிசியை எடுத்துப் பார்த்தா, நாமினி அம்மாதான்.

அம்மா பெயருக்குப் பணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில், "பொண்டாட்டி பணம், புள்ளைக்குத்தானே சேரணும்" என்றார்கள். அம்மாவோ, "ஆஸ்பத்திரிக்கு நான் வாங்கின கடனை யார் அடைக்கிறது?" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எட்டு மாசம் கழித்து அம்மா ஒரு லட்ச ரூபாயைப் பேத்தி பெயரில் டெபாசிட் போட்டார்கள். ஆனால் அதற்குள் பேச்சு முறிந்துவிட்டது. அந்தக் குழந்தை இன்றைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்கு வரவில்லை. ஒரு பெயரை மாற்றி எழுதியிருந்தால் இந்தச் சண்டை வந்தே இருக்காது. தங்கச்சி அதை வேண்டாம் என்று விடவில்லை. அவளுக்கு ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நாமினி என்ற சொல் ஒன்றுதான், ஆனால் எல்லா இடத்திலும் அதற்கு ஒரே அர்த்தம் கிடையாது.

பேங்க் சேமிப்புக் கணக்கிலும் டெபாசிட்டிலும் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே. பேங்க் அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் பேங்கின் பொறுப்பு முடிந்தது. ஆனால் அந்தப் பணம் சட்டப்படி வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் முதல் வரிசையில் வருவது கணவனும் பிள்ளைகளும். அம்மா, அப்பா அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருவார்கள்.

ஆயுள் காப்பீடு அப்படி இல்லை. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பாலிசி எடுத்தவர் தன் பெயரில் எடுத்த பாலிசிக்குத் தன் தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் யாரையாவது நாமினியாக எழுதியிருந்தால், அந்தப் பணம் நாமினிக்கே சொந்தம். வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் எங்க அம்மா அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடிந்தது.  ஆகவே பாலிசியில் உள்ள பழைய பெயரை "வெறும் பெயர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பணம் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் முடிவு செய்யும்.

மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிற பொண்ணுங்களுக்கு இன்னொரு விஷயம். பி.எப்.-இல் கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினி, கல்யாணத்துக்கு அப்புறம் செல்லாது. திரும்பவும் புதுசாகக் கொடுக்க வேண்டும். பேங்கும் இன்சூரன்ஸும் அப்படித் தானாக ரத்தாகாது. நாம் போய் மாற்றுகிற வரைக்கும் பழைய பெயரே நிற்கும்.

விவாகரத்திலும் இதே கதைதான். கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது, அவர் வேற கல்யாணமும் செய்துகொண்டார் என்றாலும், பேங்குக்கோ இன்சூரன்ஸ் ஆபீசுக்கோ அது தெரியாது. அவர்கள் பார்ப்பது பதிவில் உள்ள பெயரை மட்டும்தான்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு தங்கச்சிக்கு இப்படித்தான் இருந்தது. பெயரைச் சொல்ல வேண்டாம். விவாகரத்து ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வயசிலும் ஆறு வயசிலும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் அவளிடம்தான் வளர்கிறது. அவளுடைய காகிதங்களை எடுத்துப் பார்த்தோம். சேமிப்புக் கணக்கு, பேங்கில் வருஷா வருஷம் 436 ரூபாய் பிடிக்கிற ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு, தனியாக எடுத்த ஒரு ஆயுள் பாலிசி. நான்கிலும் பழைய வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது.

முதலில் பேங்குக்குப் போனோம். நாமினி மாற்றும் படிவத்தை வாங்கி எழுதி, பாஸ் புத்தகம், ஆதார் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் கொடுத்தோம். மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சேமிப்புக் கணக்கில் மட்டும்தான் பெயர் மாறியிருந்தது. 436 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் பழைய பெயரே இருந்தது. இது யார் தப்பும் இல்லை. பிடிக்கிறது ஒரே கணக்கிலிருந்து என்றாலும் ஒவ்வொன்றுக்கும் சேரும்போது தனிப் படிவம், தனி நாமினி. மே மாதக் கடைசியில் பணம் தானாகப் பிடித்துப் புதுப்பிக்கும்போதும் பழைய பெயரே தொடரும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, நகலில் பேங்க் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகுதான் வேலை முடிந்தது.

பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸ். அங்கே நாமினி மாற்றும் படிவத்தோடு பாலிசி பத்திரத்தையும் கொடுக்கச் சொன்னார்கள். புதுப் பெயரைப் பதிந்து பத்திரம் திரும்பி வந்தது. பத்திரத்தில் அந்தப் பதிவு இருக்கிறதா, அல்லது எழுத்தில் ஒப்புதல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டும். படிவம் கொடுத்தால் மட்டும் போதாது.

அந்தத் தங்கச்சிக்கு இரண்டு பயம் இருந்தது. பழைய வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம். பாலிசி உன்னுடையது, கணக்கு உன்னுடையது. பெயரில் இருக்கிறவரைக் கேட்காமலே மாற்றலாம். அதனால் கேஸ் நடந்துகொண்டிருப்பவர்களும், கோர்ட்டுக்கே போகாமல் பிரிந்து இருப்பவர்களும் தீர்ப்பு வரட்டும் என்று பேங்க் நாமினியையும் பாலிசி நாமினியையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரண்டாவது, சின்னப் பிள்ளைகள் பெயரை எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம். ஆளுக்கு 50 சதவீதம் என்று எழுதினோம். ஆனால் 18 வயசு ஆகாத பிள்ளையை எழுதும்போது, அதன் சார்பாகப் பணத்தை வாங்க ஒரு பெரியவர் பெயரையும் கொடுக்க வேண்டும். பாலிசி படிவத்தில் அதை அப்பாயிண்டி என்பார்கள். அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால், பிள்ளைக்கு கார்டியன் யார் என்ற கேள்வி பிறகு வரும். அப்போது "நான்தான் தகப்பன்" என்று முன்னால் வந்து நிற்பது அதே பழைய ஆளாக இருக்கலாம். பெயரை எடுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போகும். இந்தத் தங்கச்சி தன் அம்மாவை எழுதினாள். அம்மாவுக்கு வயசாகிறது என்பதால், இன்னும் சில வருஷத்தில் தம்பி பெயருக்கு மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறாள்.

குழந்தை பிறந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஒருவர் பெயரே போதும் என்று நினைத்தால் அப்படியே இருக்கட்டும். குழந்தைக்கும் பங்கு வேண்டும் என்று நினைத்தால் சதவீதம் போட்டு எழுதலாம். கூட்டினால் 100 வர வேண்டும். பேங்க் கணக்கில் முன்பு ஒரே ஒரு நாமினிதான் எழுத முடியும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை எழுதலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஆகவே அம்மாவா, வீட்டுக்காரரா என்று ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய சங்கடம் இப்போது இல்லை. எங்க தங்கச்சி பாலிசியில் அம்மாவுக்குப் பாதி, குழந்தைக்குப் பாதி என்று எழுதியிருந்தாலே யாரும் யாரிடமும் கேட்டு நின்றிருக்க வேண்டாம்.

பெயர் எழுதும்போது இனிஷியலைக் கவனியுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் நமக்கு அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வரும். ஆதாரில் ஒன்று, பாஸ் புத்தகத்தில் ஒன்று, பாலிசியில் ஒன்று என்று இருந்தால், பணம் வாங்கப் போகிறவர் "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று நிரூபிக்க அலைய வேண்டும். நாமினி பெயரை அவருடைய ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். பிறந்த தேதி, உறவுமுறை இரண்டையும் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஜூன் மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பாஸ் புத்தகத்தையும் பாலிசி காகிதத்தையும் எடுத்து வாருங்கள். அப்போதுதான் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருப்பது பாஸ் புத்தகத்தில் தெரியும். அவரவர் காகிதத்தை அவரவர் பார்த்து, நாமினி உயிரோடு இருக்கிறாரா, இன்றைக்கும் அவர்தான் வாங்க வேண்டுமா, சின்னப் பிள்ளை என்றால் பெரியவர் பெயர் இருக்கிறதா என்று மூன்றையும் சரிபாருங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற அக்காவுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மெல்லச் சொல்லுங்கள். பெயரைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டாம். யாரை எழுதினாள் என்பது வெளியே போனால் அவள் வீட்டில் அன்றைக்கே சண்டை வரும். தீர்மானப் புத்தகத்திலும் பெயர் வேண்டாம். "பார்த்தாச்சு" என்று தேதியோடு ஒரு கையெழுத்து போதும்.

நாமினியாக எழுதினவரிடம் மட்டும், எந்த பேங்க், எந்த பாலிசி, காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இன்சூரன்ஸ் இருப்பதே தெரியாமல், கேட்காமல் போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் தங்கச்சி பொண்ணு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். போன மாசம் என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நாமினி என் வீட்டுக்காரர் மட்டும்தான் இருந்தார். அதில் அவள் பெயரையும் ஒரு பங்குக்குச் சேர்க்கப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் என் பிள்ளை இல்லை என்பதால் அவளுக்கு உறவுமுறையில் என்ன எழுத வேண்டும், அந்தப் பங்கு அவளுக்கே நிற்க உயிலும் எழுத வேண்டுமா என்று ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கப் போகிறேன். நீங்களும் தெரியாத இடத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.