பழுதுச் செலவு எப்போது சொத்தாகிறது?

(வணிகவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்ற பாடம் நடத்துகிறோம். கட்டடம் முதலினம், சம்பளம் வருவாயினம் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பாடத்தில் நான் பெரிதாக எதையும் யோசித்ததில்லை. மாணவி ஒருத்தி தன் அப்பாவின் மாவு மில் கணக்கு நோட்டை எடுத்து வந்த பிறகுதான் யோசித்தேன்.

"டீச்சர், இந்த வருஷம் அறுபதாயிரம் நட்டம். மில்லை மூடிடலாமான்னு அப்பா கேக்குறாரு" என்றாள்.

நோட்டைப் பார்த்தேன். அவர் பழைய அரவை இயந்திரம் ஒன்றை 1,80,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். வண்டி வாடகை 6,000. ஓடாமல் கிடந்ததைச் சரிசெய்ய 20,000. மேடை கட்டி நிறுவ 4,000. மொத்தம் 2,10,000 ரூபாய். அந்த ஆண்டு அரவைக் கூலியாக வந்தது 6,00,000. மின்சாரம், ஆள் கூலி, வாடகை, பெல்ட் என்று அன்றாடச் செலவு 4,50,000. மிச்சம் 1,50,000. அதிலிருந்து இயந்திரத்துக்கான 2,10,000 முழுவதையும் கழித்து, 60,000 நட்டம் என்று எழுதியிருந்தார்.

அந்த இயந்திரம் எத்தனை வருடம் ஓடும் என்று கேட்டேன். ஏழு வருடம் தாங்கும் என்று அப்பா சொன்னாராம். அப்படியானால் ஏழு வருடச் செலவை ஒரே வருடத்தின் தலையில் ஏற்றிவிட்டார். 2,10,000 ரூபாயைச் சொத்தாக எழுதி, ஆண்டுக்கு 30,000 தேய்மானம் கழித்துப் பார்த்தோம். 1,20,000 ரூபாய் இலாபம் வந்தது.

அவள் உடனே கேட்டாள்: "ரிப்பேர் செலவு வருவாயினம்னு நீங்கதானே சொன்னீங்க? இருபதாயிரத்தை ஏன் சொத்துல சேர்த்தீங்க?"

நல்ல கேள்வி. 'பழுது' என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இயந்திரத்தை முதன்முதலில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆகும் செலவெல்லாம் அதன் அடக்கவிலை. அந்த 20,000 இல்லாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்பு. ஓடத் தொடங்கிய பிறகு தேயும் பெல்ட்டை மாற்றுவது, இருக்கும் திறனைக் காப்பாற்றுவது மட்டுமே. அது அந்த ஆண்டின் செலவு. பலன் இந்த ஆண்டோடு முடிகிறதா, தாண்டிப் போகிறதா என்பதே கேள்வி. நூறு ரூபாய் ஸ்டேப்ளரும் பல ஆண்டு உழைக்கும்தான். ஆனால் அவ்வளவு சிறு தொகைக்குத் தேய்மானம் போட்டு யாருக்கும் பயனில்லை என்பதால் செலவாகவே எழுதிவிடுகிறோம்.

பிறகு கரும்பலகையில் ஏழு ஆண்டுகளையும் போட்டேன். மற்ற தொகைகள் மாறாது என்று வைத்துக்கொண்டோம். முதல் முறையில் முதலாண்டு 60,000 நட்டம், அடுத்த ஆறு ஆண்டும் தலா 1,50,000 இலாபம். இரண்டாம் முறையில் ஏழு ஆண்டும் தலா 1,20,000. கூட்டினால் இரண்டிலும் 8,40,000. கையிலிருந்து போன பணமும் ஒன்றே. மாறியது எந்த ஆண்டில் எவ்வளவு இலாபம் தெரிகிறது என்பது மட்டும். ஆனால் மில்லை மூடுவதா என்ற முடிவை அந்த ஓர் ஆண்டின் எண்ணைப் பார்த்துத்தானே எடுக்கப் பார்த்தார்?

இதையே தலைகீழாகச் செய்தால் மோசடி. அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனம், பிற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்திவந்தது. அது மாதாமாதம் தீர்ந்துபோகும் செலவு, நம் மில்லின் மின்கட்டணம் போல. 2001இலும் 2002இன் முதல் காலாண்டிலும் அதில் ஏறத்தாழ 380 கோடி டாலரைச் சொத்துக் கணக்குக்கு மாற்றி எழுதினார்கள். நட்டம் இலாபமாகத் தெரிந்தது. உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் அந்தப் பதிவுகளுக்கு ஆதாரச் சீட்டுகளைக் கேட்டார்கள், இல்லை. 2002 ஜூனில் உண்மை வெளிவந்தது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நிதித் தலைவர், தலைமை அதிகாரி இருவரும் சிறை சென்றார்கள்.

சொத்து என்று எழுதியிருந்தால், 'எங்கே அந்தச் சொத்து, காட்டு' என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மில்காரர் இயந்திரத்தைக் காட்டுவார். வேர்ல்ட்காமால் காட்ட முடியவில்லை.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஏழு வருடம் என்பது மில்காரரின் மதிப்பீடு. பத்து என்று சொல்லியிருந்தால் தேய்மானம் 21,000 ஆகி, இலாபம் 1,29,000 ஆகியிருக்கும். ஐந்தாம் ஆண்டிலேயே இயந்திரம் நின்றுபோனால், கழிக்காமல் மிஞ்சியிருக்கும் 60,000 அந்த ஆண்டின் மேல் விழும்.

அந்த மாணவி இரண்டு கணக்கையும் அப்பாவிடம் காட்டினாள். மில் இன்றும் ஓடுகிறது. அடுத்த ஆண்டு நோட்டில் இயந்திரத்துக்கென்று தனிப் பக்கம் இருந்தது.