மிக்சி மாவும் கிரைண்டர் மாவும்

போடியில் இட்லிக்கு மாவு ஆட்டுகிறீர்கள். மிக்சியா, கிரைண்டரா?

கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றும். உளுந்தை நசுக்கி, காற்றையும் சேர்த்துப் பொங்க வைக்கும். மாவு அதிகம் சூடாகாது. மிக்சி பிளேடு படுவேகம். அது உளுந்தை வெட்டும், மாவைச் சூடாக்கும். காற்று குறைவதால் இட்லி கெட்டியாகும்.

சூடான மாவு போடி வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அதே மாவு மேலே போடிமெட்டுக் குளிரில் விடிந்தாலும் பொங்காது. அங்கே அடுப்பு ஓரம்தான் கதி.

மிக்சிதான் இருக்கிறதா? உளுந்தை ஃபிரிட்ஜிலேயே ஊற வையுங்கள். ஐஸ் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அரையுங்கள். ஜாரைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் நிறுத்துங்கள். சூடுதான் கவனிக்க வேண்டியது.

உளுந்து பதம் தெரிய, ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். பிறகு அரிசி மாவோடு சேர்த்துக் கையாலேயே நன்றாக அடித்துக் கலக்குங்கள், காற்று கொஞ்சம் சேரும்.

தோசைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மிக்சி மாவிலும் முறுகலாக வரும். இட்லிக்குத்தான் கல்லை விட எனக்கு மனமில்லை.