தராசு ஒன்று சொல்ல, துரை ஒன்று சொன்னால்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளம் கங்காணிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். இன்று பேசப்போவது தராசுக்குப் பக்கத்தில் பேனாவோடு நிற்கும் நம்முடைய பிள்ளைகளைப் பற்றி. கொழுந்து நிறுக்கிற, பேர் போடுகிற வேலைக்கு இப்போது லயத்துப் பிள்ளைகளே வருகிறார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் மேலே இருப்பவர் "குறைத்து எழுது" என்று சொன்னால், குறைவது அந்தப் பிள்ளையின் அம்மாவுடைய கொழுந்து.

அப்படித்தான் ஒரு பையன் ஒரு ராத்திரி நம்மிடம் வந்தான். நம் பாடசாலையில் படித்தவன். கையில் ஒரு கொப்பி. "டீச்சர், சின்னதொர ஒவ்வொரு நெறுவைக்கும் ரெண்டு கிலோ கொறச்சுப் போடச் சொல்றாரு. பதினோரு நாளா போட்டுட்டேன். எங்கம்மாவுக்கும் சேத்துத்தான்" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

அந்த மலையில் ஒரு பேருக்கு 16 கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. சாக்குக்கும் ஈரத்துக்குமாக நிறுவைக்கு ஒரு கிலோ கழிப்பது அங்கே பழைய வழக்கம். ஒரு அக்கா காலையில் 7, பகலில் 6, மாலையில் 7 கிலோ எடுத்தார் என்று வையுங்கள். மொத்தம் 20. மூன்று கிலோ கழித்தால் 17, முழுப்பேர். ஆறு கழித்தால் 14, அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றதற்கு அரை நாள் சம்பளம். சம்பளம் குறைந்தால் அவருடைய 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமுமாகச் சேருகிற சேமலாப நிதியும் குறைகிறது.

சின்னத்துரை ஏன் அப்படிச் சொன்னார் என்றும் பார்த்தோம். மலை நிறுவையும் ஃபெக்டரி நிறுவையும் ஒருநாளும் ஒத்துவராது. பறித்த கொழுந்து சாக்கில் இருக்கும்போதே வாட ஆரம்பிக்கிறது. லொறி இரண்டு மணி நேரம் பிந்தி, வெயிலும் அடித்தால் நிறை இன்னும் இறங்கும். அந்த வித்தியாசத்துக்குப் பெரிய துரையிடம் ஏச்சு வாங்குவது சின்னத்துரை. அவர் அந்தப் பாரத்தை ஒரு படி கீழே, இந்தப் பையனின் பேனாவில் இறக்கிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதனால் மடுவத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை.

ஈரக் கழிவு முழுப் பொய்யும் இல்லை. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் வருகிறது என்பது கூடை சுமந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் தண்ணீருக்காகக் கழிப்பதென்றால் மழை நாளில் கூடவும் வெயில் நாளில் குறையவும் வேண்டும். பையனுடைய கொப்பியைப் புரட்டினோம். மழைக்கும் இரண்டு கிலோ, பச்சை வெயிலுக்கும் இரண்டு கிலோ. அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. 24 பேர், மூன்று நிறுவை, வழக்கத்துக்கு மேல் ஒரு கிலோ என்றால் ஒரு நாளைக்கு 72 கிலோ. புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அந்தக் கொழுந்து ஃபெக்டரிக்குப் போகிறது. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய 21, 22 கிலோ தூள் வரும். அப்படியானால் சம்பளம் கொடுக்காமலே தினமும் 15 கிலோ தூள்.

அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "மாட்டேன்னு சொன்னா வேல போயிரும். சரின்னா எப்பிடி டீச்சர் லயத்துல நடக்கிறது?"

அவனுக்கு இரண்டு விஷயத்தைப் பிரித்துக் காட்டினோம். கழிவு எவ்வளவு என்பது நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் உள்ள வழக்கு. அதைத் தனியாகத் தீர்க்க அவனால் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் தராசு 7 காட்டும்போது 5 என்று எழுதுவது அவனுடைய கை செய்கிற பொய். நாளைக்குத் தொழில் அதிகாரி வந்து புத்தகத்தைக் கேட்டால் அதில் இருப்பது அவன் எழுத்து மட்டுந்தான், சின்னத்துரையின் குரல் அதில் இருக்காது. அந்தப் புத்தகத்தில் தேறிய நிறைக்கு மட்டுமே இடம் இருந்தது. கழித்தது எங்கேயும் தெரியாது. ஆகவே, தராசு காட்டுவதைச் சத்தமாகச் சொல்லி அப்படியே எழுது, பக்கத்தில் கோடு போட்டுக் கழிவை எழுது, கழிவு கூடினால் அந்த இடத்தில் கையெழுத்துக் கேள் என்றோம். எதிர்த்துப் பேசாதே, மரியாதையாகக் கேள் என்றும் சொன்னோம்.

மறுநாள் அவன், "சேர், தராசு காட்டுறத எழுதுறேன். கழிவு நீங்க சொல்றதத்தான் போடுறேன். பக்கத்துல ஒரு சைன் மட்டும் வச்சிருங்க" என்று கேட்டிருக்கிறான். சின்னத்துரை கையெழுத்து வைக்கவில்லை. "ஒனக்கு இந்த வேல வேணுமா, வேணாமா?" என்றார். ஆனால் அன்று கழிவு ஒரு கிலோதான். அடுத்த திங்கட்கிழமை அவனை உர ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அது நடக்கும் என்று நாம் அவனிடம் முன்பே சொல்லியிருந்தோம். சங்கம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு பிள்ளையை முன்னே தள்ளுவது சரியில்லை.

கமிட்டியில் பெரிய சண்டையே வந்தது. "பதினோரு நாள் நம்ம வயித்துல அடிச்சவன் அவந்தானே" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டது நியாயம். பையனை அந்தக் கூட்டத்துக்கே வரச்சொன்னோம். அவன் எழுந்து நின்று கொப்பியை வாசித்தான். உண்மையான நிறையை அவன் தினமும் ராத்திரி வீட்டில் அந்தக் கொப்பியில் பேர் பேராக எழுதி வைத்திருந்தான். ஞாபகத்தில் இருந்ததை மட்டுந்தான். சில நாளுக்கு எல்லாப் பேரும் இல்லை. இது அவ்வளவு பலமான சாட்சி இல்லை என்று நமக்குத் தெரியும். அந்த நேரமே, அங்கேயே எழுதியதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அதோடு ஆபீசுக்குப் போனோம். சின்னத்துரையைத் திருடர் என்று கடிதத்தில் எழுதவில்லை. மூன்று விஷயம் கேட்டோம். நிறுவைப் புத்தகத்தில் தராசு நிறை, கழிவு, தேறிய நிறை தனித்தனியாக வரவேண்டும். வெறும் சாக்கைக் காலையில் அதே தராசில் நிறுத்துக் காட்டவேண்டும். ஈரக் கழிவு மழை நாளில் மட்டும், மாதர் தலைவி பார்த்திருக்கப் போடவேண்டும். தராசில் அந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்றும் கேட்டோம். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இருந்தது போன வருஷத்து முத்திரை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி சம்பளப் பதிவுகளைத் தொழில் அதிகாரி பார்வையிடலாம் என்பதைக் கடைசி வரியில் எழுதினோம், அவ்வளவுதான்.

இரண்டாவது பேச்சுவார்த்தையில் பெரிய துரை புத்தகத்துக்கும் சாக்குக்கும் ஒத்துக்கொண்டார். ஈரக் கழிவில் இன்னும் இழுபறி. பகல் லொறியை முக்கால் மணி நேரம் முந்தி அனுப்பவும் சரி என்றார். சின்னத்துரைக்கு நிறை வித்தியாசத்தில் ஓரளவு குறைந்தது அதனால்தான்.

அரைப்பேர் விழுந்த நாட்களுக்கு, கொப்பியில் பேரும் நிறையும் தெளிவாக இருந்த 19 பேரை மட்டும் முழுப்பேராகத் திருத்தினார்கள். மற்றதுக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். கொப்பியில் விட்டுப்போன நாட்களில் இரண்டு அவனுடைய அம்மாவுடையது. பையன் இன்னும் உர ஸ்டோரில்தான் இருக்கிறான். அவனைத் திரும்ப மடுவத்துக்குக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி திரும்பவும் ஆபீசுக்குப் போகிறோம். உங்கள் தோட்டத்து நிறுவைப் புத்தகத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன் நமக்குச் சொல்லி அனுப்புங்கள்.